ஃபிட்னஸ் சான்று: திரும்பும் நாளுக்கு ஒரு தாள்

அறுவை சிகிச்சைக்கு விடுப்பு கேட்பவர்கள் போகிற தேதியைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், துணைக்கு யார் இருப்பது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது யார் என்று எல்லாம் திட்டமாகிவிடும். திரும்பி வரும் நாளுக்கும் ஒரு தாள் வேண்டும் என்பது பெரும்பாலோருக்கு அந்த நாள் காலையில்தான் தெரிகிறது. கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் உட்கார்ந்துகொண்டு இதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவரிடம் குற்றம் எதுவும் இருக்காது. ஆனால் தாள் இல்லை, அல்லது தவறான தாள்.

பேச்சில் நாம் சொல்லும் ‘ஃபிட்னஸ் சர்டிபிகேட்’, அரசுத் தாள்களில் உடற்தகுதிச் சான்று. இதை ஏன் கேட்கிறார்கள், எந்த அதிகாரத்தில் கேட்கிறார்கள் என்பது நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மத்திய அரசு ஊழியர் என்றால் விதி தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் விடுப்பு விதிகளில் 24ஆவது விதி, மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பில் போனவர் படிவம் 5இல் தகுதிச் சான்று கொடுக்காமல் பணிக்குத் திரும்ப முடியாது என்கிறது. அந்தப் படிவம் ஒரே பக்கம்தான், ஆனால் அதை வடிவமைத்தவர் யோசித்துச் செய்திருக்கிறார். மேலே ஊழியரின் கையெழுத்து. கீழே மருத்துவர், இவரை நான் கவனமாகப் பரிசோதித்தேன், நோயிலிருந்து மீண்டுவிட்டார், இப்போது பணிக்குத் தகுதியானவர் என்று எழுத வேண்டும். அதோடு, எந்தச் சான்றின் பேரில் விடுப்பு கொடுக்கப்பட்டதோ அதையும் பார்த்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தேன் என்றும் சொல்ல வேண்டும். ‘பரிசோதித்தேன்’, ‘இப்போது’ என்ற இரண்டு சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்கு வேறு பாதை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் அந்தத் திட்டத்தில் வருகிறார்கள். நோய்க்கால உதவித்தொகை கொடுக்கிறார்கள் என்பதால் அங்கே சான்று ஒரு சங்கிலியாக நடக்கிறது. முதல் சான்று, இடையில் தொடரும் சான்றுகள், கடைசியில் இறுதிச் சான்று. எந்தத் தேதியிலிருந்து வேலைக்குப் போகலாம் என்று இறுதிச் சான்றில் மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். உதவித்தொகை நிற்பதும் சம்பளம் தொடங்குவதும் அந்த ஒரே தேதியில் சந்திக்கின்றன. அதனால் இங்கே யாரும் தேதியை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

தனியார் அலுவலகம்தான் குழப்பமான இடம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, ஆண்டுக்கு 12 நாள் வரை நோய் விடுப்பு தருகிறது. ஆனால் திரும்பி வரும்போது என்ன தாள் தர வேண்டும் என்பதை நடைமுறையில் தீர்மானிப்பது நிறுவனத்தின் சொந்த விடுப்புக் கொள்கைதான். அது நியமன ஆணையோடு வந்த கையேட்டில் இருக்கும், அல்லது விடுப்பு விண்ணப்பிக்கும் மென்பொருளின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். இரண்டு மூன்று நாள் காய்ச்சலுக்குக் கேட்காத நிறுவனமும் அறுவை சிகிச்சை என்றால் கேட்கும். எந்திரம், உயரம், வாகனம், எடை இவற்றோடு வேலை செய்பவர்களிடம் கண்டிப்பாகக் கேட்கும். ஆகவே விடுப்புக்கு விண்ணப்பிக்கும் அன்றே, திரும்பும்போது தகுதிச் சான்று தேவையா, நிறுவனத்தின் தனிப் படிவம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சையில் இருக்கும் பெரிய வசதியே முன்கூட்டிக் கேட்கும் அவகாசம்தான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம், அங்கங்கே நடைமுறை வேறு. பிரிட்டனில் 2010 முதல் மருத்துவர் கொடுக்கும் ‘ஃபிட் நோட்’ தாளிலேயே, சில மாற்றங்கள் செய்தால் வேலை செய்யலாம் என்று குறிக்க இடம் இருக்கிறது. அதன் காலம் முடிந்தபின் திரும்பி வர இன்னொரு சான்று பொதுவாகத் தேவையில்லை. அமெரிக்காவில் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின்கீழ் போனவரிடம் நிறுவனம் தகுதிச் சான்று கேட்கலாம். ஆனால் அதே நிலையில் உள்ள எல்லோரிடமும் ஒரேபோலக் கேட்க வேண்டும், முன்கூட்டியும் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சான்றுக்கான செலவு ஊழியருடையது.

இனி எங்கள் தொழிற்சாலையில் நடந்த ஒன்று. ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது பக்கக் குடலிறக்கம். 2025 பிப்ரவரி 3 திங்கள் முதல் 23 ஞாயிறு வரை இருபத்தோரு நாள் விடுப்பு அனுமதியானது. 4ஆம் தேதி லேப்ரோஸ்கோப்பி மூலம் வலை வைத்து மூடினார்கள், 6ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். 24ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு முகத்தில் நல்ல தெளிச்சியோடு கேட்டுக்கு வந்துவிட்டார். கையில் சான்றும் இருந்தது.

சான்றை வாங்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து எல்லாம் இருந்தன. மூன்று வாரம் ஓய்வு தேவை, 24.02.2025 அன்று பணியில் சேரத் தகுதியுள்ளவர் என்று எழுதியிருந்தது. கீழே தேதி 06.02.2025. டிஸ்சார்ஜ் அன்றே ஓய்வுக்கும் தகுதிக்கும் சேர்த்து ஒரே தாளாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் எழுதிய தாள் இருபதாம் நாளின் உடம்பைப் பற்றி எப்படிப் பேசும்? அது எதிர்பார்ப்பு, அவ்வளவுதான். எங்கள் தொழிற்சாலைக்கு வரும் மருத்துவர் அதை ஏற்கவில்லை, அவர் செய்தது சரி. அறுவை சிகிச்சை செய்தவருக்கு ஓ.பி. செவ்வாய், வெள்ளி மாலைகளில் மட்டும். செவ்வாய் மாலை போய் வாங்கிக்கொண்டு புதன் சேர்ந்தார். இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்திருந்ததால் திங்களும் செவ்வாயும் சம்பளமில்லா விடுப்பாகிவிட்டன.

கதை அங்கே முடியவில்லை. புதிய சான்றில் ஒரே வரி, ‘பணியில் சேரத் தகுதியுள்ளவர்’. வியாழக்கிழமை ஒரு ஃபோர்மேன் மோட்டார் பெட்டிகளை நகர்த்தச் சொன்னார், ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோ. ஆறு வாரம் எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார் இவர். “சர்டிபிகேட்ல அப்படி ஒண்ணும் இல்லையேங்க” என்றார் ஃபோர்மேன். அவர் சொன்னதும் உண்மை. எடை பற்றிய வரி டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது, சம்மரி வீட்டு அலமாரியில் இருந்தது. வெள்ளி மாலை மறுபடி ஓ.பி. வாசலில் உட்கார்ந்து, 18.03.2025 வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, மற்ற வேலைகளுக்குத் தடையில்லை என்று எழுதி வாங்கி வந்தார்.

இதில் மருத்துவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர் என்றால் நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவரா, பெட்டி தூக்குபவரா என்று மருத்துவருக்கு எப்படித் தெரியும்? ‘தகுதி’ என்ற சொல்லுக்குத் தனியாகப் பொருள் கிடையாது, எந்த வேலைக்குத் தகுதி என்று கேட்டால்தான் பொருள் வருகிறது. அதே ஆபரேஷன் செய்துகொண்ட கணக்குப் பிரிவுக்காரர் இரண்டாம் வாரமே கணினி முன் உட்காரலாம். பித்தப்பையை லேப்ரோஸ்கோப்பியில் எடுத்தவர்களும் அப்படியே. முழங்கால் மாற்றியவருக்கு ஆறு வாரம், சில நேரம் அதன் இருமடங்கு ஆகும். அவர் வாகனம் ஓட்டிப் பிழைப்பவர் என்றால் கேள்வியே வேறு.

ஆகவே ரிவியூவுக்குப் போகும்போது உங்கள் வேலையை ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எவ்வளவு எடை எத்தனை முறை தூக்குகிறீர்கள், படி ஏறுவது உண்டா, இரவு ஷிப்ட் உண்டா, வேலைக்குப் போக இரு சக்கர வண்டியா பஸ்ஸா. ஆறேழு வரி போதும். வாசலில் முப்பது நோயாளிகள் காத்திருக்கும்போது வாயால் சொல்வது காதில் விழாது, தாளை நீட்டினால் படித்துவிடுவார். நான் சொன்னவருக்கு இந்தத் தாள் இருந்திருந்தால் அந்த இரண்டாவது ஓ.பி. பயணம் மிச்சமாகியிருக்கும்.

சான்றில் என்ன இருக்க வேண்டும் என்பதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு தொழில் நடத்தை விதிமுறைகள் சொல்லியிருக்கின்றன. நோயாளியின் கையெழுத்தோ கைரேகையோ, முகவரி, ஓர் அங்க அடையாளமாவது சான்றில் இருக்க வேண்டும். மருத்துவர் அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும், கொடுத்த சான்றுகளுக்கு ஒரு பதிவேடும் வேண்டும். விதிமுறைகளின் பின்னிணைப்பில் மாதிரிப் படிவமே இருக்கிறது, அதில் மருத்துவரின் பதிவு எண்ணுக்கும் இடம் உண்டு. பொய்யான சான்றில் கையெழுத்திட்டால் பதிவே போகும் அளவுக்கு அது தொழில் குற்றம். ‘ரெண்டு நாள் முன்தேதி போட்டுக் கொடுங்க சார்’ என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த மாதிரிப் படிவத்தில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. விடுப்புக்கான பகுதியில் என்ன நோய் என்று எழுத இடம் இருக்கிறது. தகுதிக்கான பகுதியில் அந்த இடமே இல்லை, உடல்நலம் மீண்டு பணியில் சேரத் தகுதியாக இருக்கிறார் என்பதோடு முடிகிறது. கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட பெண்ணோ மூலத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஆணோ அதை அலுவலகம் முழுக்கத் தெரியப்படுத்த விரும்புவதில்லை. திரும்பும் சான்றில் ‘அறுவை சிகிச்சைக்குப் பின் குணமடைந்து’ என்று மட்டும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். சில ஹெச்.ஆர். பிரிவுகள் பழக்கத்தால் டிஸ்சார்ஜ் சம்மரியும் கேட்கும். இன்சூரன்ஸ் கோரிக்கைக்கு என்றால் அது வேறு வேலை, வேறு ஆள். பணிக்குத் திரும்ப அது எதற்கு என்று மரியாதையாகக் கேட்டால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

தேதி பற்றி ஒரு வார்த்தை. ‘23 வரை ஓய்வு’ என்றால் 24இல் தகுதி. ஓய்வுச் சான்றில் 24 வரை என்றும் தகுதிச் சான்றில் 24 முதல் என்றும் இருந்தால், அந்த ஒரு நாள் விடுப்பா வேலையா என்ற கேள்வியில் சம்பளப் பட்டியல் நின்றுவிடும். பரிசோதனை, சேரும் நாளுக்கு ஒன்று முதல் மூன்று நாள் முன்னால் இருப்பது நல்லது. மேற்பார்வையாளரின் கணக்குப்படி 21ஆம் தேதி வெள்ளி மாலை ஓ.பி. பொருத்தமாக இருந்திருக்கும். டிஸ்சார்ஜ் அன்றே அந்த நாளுக்கு டோக்கன் போட்டு வைத்திருக்கலாம்.

சான்று கைக்கு வந்த அன்றே மின்னஞ்சல் போக வேண்டும். விடுப்பு அனுமதி வந்த அதே தொடரில் பதிலாக அனுப்புவது நல்லது, அனுமதியும் திரும்புதலும் ஒரே இடத்தில் இருக்கும். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கம் என்றால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், சாரம் இதுதான். 21ஆம் தேதி வெள்ளி மாலை மேற்பார்வையாளர் எழுதியிருக்கக்கூடியது இது:

பொருள்: 24.02.2025 பணிக்குத் திரும்புதல் – உடற்தகுதிச் சான்று இணைப்பு

ஐயா, வணக்கம். 03.02.2025 முதல் 23.02.2025 வரை எனக்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவ விடுப்பு முடிந்து, 24.02.2025 திங்கள் முதல் ஷிப்டில் பணிக்குத் திரும்புகிறேன்.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் இன்று என்னைப் பரிசோதித்து வழங்கிய உடற்தகுதிச் சான்றை இணைத்துள்ளேன். அசலைத் திங்கள் காலை பணியாளர் பிரிவில் ஒப்படைக்கிறேன்.

சான்றில் உள்ளபடி 18.03.2025 வரை 5 கிலோவுக்கு மேல் எடை தூக்கக் கூடாது. சரக்குப் பதிவு, வழங்கல், கணினி வேலைகளுக்குத் தடை இல்லை. பெட்டிகளை இறக்கும் வேலைக்கு அந்தத் தேதி வரை மாற்று ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

வேறு ஆவணம் தேவையென்றால் நாளை தெரிவியுங்கள், வரும்போது கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு, பெயர், பணியாளர் எண், பிரிவு.

இதில் நோயின் பெயர் இல்லை. ‘முழுமையாகக் குணமடைந்துவிட்டேன்’ என்ற வாக்கியமும் இல்லை, அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உற்சாகத்தில் அப்படி எழுதிவிட்டு அடுத்த பத்தியில் எடை தூக்க முடியாது என்றால் படிப்பவர் எதை நம்புவார்? உடம்பைப் பற்றிய தீர்ப்பு சான்றில் இருக்கட்டும், மின்னஞ்சலில் தேதியும் கட்டுப்பாடும் போதும். கட்டுப்பாட்டை எழுதும்போது முடியும் தேதியையும் எழுதுங்கள். ‘கொஞ்ச நாளைக்கு லைட் டியூட்டி’ என்று எழுதினால், அந்தக் கொஞ்ச நாளை ஃபோர்மேன் ஒரு வாரம் என்பார், நீங்கள் இரண்டு மாதம் என்பீர்கள். எதைச் செய்யலாம் என்ற வரிக்கும் காரணம் இருக்கிறது. முடியாததை மட்டும் சொன்னால், முழுத் தகுதி வந்தபின் வாருங்கள் என்று திருப்பி அனுப்பும் சபலம் மேலதிகாரிக்கு வரும். செய்யக்கூடிய வேலை கண்ணெதிரே இருந்தால் அது குறையும்.

ஹெச்.ஆருக்கு அனுப்புங்கள். மேலதிகாரிக்குச் சேரும் தேதியும் கட்டுப்பாடும் மட்டும் தெரிந்தால் போதும், சான்றின் நகல் அவருக்கு வேண்டியதில்லை. குழு முழுவதையும் நகலில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன், அப்புறம் வருத்தப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். மொபைலில் சாய்வாக எடுத்த, பாதி சீல் வெட்டுப்பட்ட புகைப்படம் வேண்டாம். மேசையில் விரித்து ஸ்கேன் செயலியில் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, கோப்பின் பெயரில் உங்கள் பணியாளர் எண்ணையும் தேதியையும் போடுங்கள். அசலைக் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஃபைலில் தாள் காணாமல் போவது எல்லா அலுவலகத்திலும் நடக்கிறது.

ஓ.பி. சனிக்கிழமை மாலைதான், சேர வேண்டியது திங்கள் என்றால் காத்திருக்க வேண்டாம். சேரும் தேதியைச் சொல்லி, சனிக்கிழமை பரிசோதனை இருக்கிறது, அன்றிரவுக்குள் சான்றை அனுப்புகிறேன், மருத்துவர் ஓய்வை நீட்டித்தால் அதையும் அன்றே தெரிவிக்கிறேன் என்று வெள்ளிக்கிழமையே எழுதிவிடுங்கள். ‘சான்றை வந்து தருகிறேன்’ என்று பொதுவாக எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். ஓய்வு உண்மையிலேயே நீண்டால், பழைய விடுப்பு முடிவதற்கு முன் நீட்டிப்புச் சான்றோடு விண்ணப்பம் போய்விட வேண்டும். முடிந்தபின் போனால் அது அனுமதியில்லாத வராமை. மத்திய அரசு விதிகளில் விடுப்பு முடிந்தும் வராத நாட்களுக்கு விடுப்புச் சம்பளம் கிடையாது, வேண்டுமென்றே வராதிருந்தால் ஒழுங்கு நடவடிக்கையும் உண்டு. தனியாரில் விதியின் பெயர் வேறாக இருக்கும், விளைவு ஏறக்குறைய அதேதான்.

விடுப்பு முடியும் முன்பே வந்துவிடத் துடிப்பவர்களும் உண்டு. பதினைந்தாம் நாளே உடம்பு நன்றாக இருக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள். விடுப்பை முன்கூட்டி முடித்துக்கொள்ள அனுமதி தனி, தகுதிச் சான்று தனி. இரண்டும் இல்லாமல் வந்து பஞ்ச் வைத்து, எந்திரத்தின் அருகில் ஏதாவது ஆகிவிட்டால், விடுப்பில் இருந்தவர் உள்ளே எப்படி வந்தார் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது.

எங்கள் பக்கத்திலும் தவறு இருந்தது. அவருடைய விடுப்பை அனுமதித்து நாங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் தகுதிச் சான்று பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்போது அறுவை சிகிச்சை விடுப்பை அனுமதிக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும், சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் பரிசோதித்து வழங்கிய சான்று தேவை, வேலையில் கட்டுப்பாடு இருந்தால் அதன் அளவும் கடைசித் தேதியும் சான்றில் இருக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளைச் சேர்க்கிறோம். மேற்பார்வையாளர் மார்ச் 18 வரை பதிவேட்டு வேலை பார்த்தார், 19ஆம் தேதி முதல் வழக்கமான வேலைக்குத் திரும்பினார். அந்த இரண்டு நாள் சம்பளத்தை மட்டும் எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.